டீ கப்புக்குள் ஒரு பாலித்தீன் பை

போன மாதம் ஒரு நாள் டீ குடித்து முடித்த பேப்பர் கப்பைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கவாட்டில் இருந்த ஒட்டைப் பிரித்து, கப்பை நான்காகக் கிழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெளிப்பக்கக் காகிதம் ஊறிக் கூழாகிவிட்டது. கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்ததும் அந்தக் கூழ் உருண்டு உருண்டு உதிர்ந்தது. கடைசியில் கையில் மிஞ்சியது கண்ணாடி போன்ற ஒரு தோல். ஜன்னல் பக்கம் பிடித்தால் அதன் வழியாக எதிர்வீட்டு மாடி தெரிந்தது. இழுத்தால் கொஞ்சம் நீண்டது, உடனே கிழியவில்லை.

அதுவரை நான் டீ குடித்தது இந்தத் தோலில்தான். காகிதம் வெளியே நின்று, பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள் மாதிரி, இந்தப் பைக்கு ஓர் உருவம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

காகிதம் என்பது மரநாரோ வைக்கோல் நாரோ பின்னிக் கிடக்கும் ஒரு மெத்தை. தண்ணீரைக் கண்டால் உறிஞ்சத்தான் செய்யும். அதனால் கப் செய்யும் அட்டையின் ஒரு முகத்தில் பாலித்தீனை உருக்கி, மெல்லிய திரையாக வார்த்து ஒட்டுகிறார்கள். பார்சல் கவர், பால் பாக்கெட் எல்லாம் செய்கிற அதே பாலித்தீன் குடும்பம். சூடான பானத்துக்கான கப் என்றால் உள்பக்கம் மட்டும் பூச்சு இருக்கும். குளிர்பானக் கப்புக்கு வெளியே வியர்க்கும் என்பதால் இரண்டு பக்கமும் பூசுவார்கள். சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிராம் வரை பூசுவது வழக்கம். கனம் ஏறத்தாழ 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு.

இந்தத் திரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கப் செய்யும் இயந்திரத்தில் அட்டையைச் சுருட்டிப் பக்கவாட்டில் ஒட்டும்போது பெரும்பாலும் பசை எதுவும் தடவுவதில்லை. சூடான காற்றை ஊதினால் பாலித்தீன் இளகும். அழுத்தினால் அதுவே பசையாகிப் பிடித்துக்கொள்ளும். அடிவட்டத்தையும் அப்படியேதான் சேர்க்கிறார்கள். ஆகவே ‘பிளாஸ்டிக் பூச்சே இல்லாத பேப்பர் கப்’ என்று யாராவது விற்றால், தண்ணீரைத் தடுப்பது எது, ஒட்டைப் பிடித்திருப்பது எது என்று கேளுங்கள். ‘மக்கும் கப்’ என்று வருபவற்றில் பெரும்பாலும் பிஎல்ஏ என்ற, மக்காச்சோள மாவு போன்றவற்றிலிருந்து செய்யும் வேறொரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். மூலப்பொருள் சோளம்தான், ஆனால் பூச்சு பூச்சுதான். பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளக ஆரம்பிக்கும் பொருள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் அதில் செய்த கண்ணாடி போன்ற டம்ளர்களை ஜூஸுக்கு மட்டும் தருகிறார்கள்.

சரி, சூடான டீயை ஊற்றினால் இந்தத் திரை உருகிவிடுமா? உருகாது. இந்த வகை பாலித்தீன் முழுதாக உருக 105 முதல் 115 டிகிரி வேண்டும். டீ என்னதான் கொதித்தாலும் 100 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும்; கப்பில் விழும்போது 80, 85. ‘பேப்பர் கப்பில் மெழுகு உருகி வயிற்றுக்குள் போகிறது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியில்லை. இந்தக் கப்புகளில் மெழுகு கிடையாது, உருகலும் கிடையாது. நடப்பது வேறு. உருகும் நிலைக்கு வெகு முன்னாலேயே பிளாஸ்டிக் மென்மையாகிவிடுகிறது. மேல்பரப்பில் சரியாகப் பின்னிக்கொள்ளாத துணுக்குகள் இளகிக் கழன்று தண்ணீரில் கலக்கின்றன. புதுத் துணியை வெந்நீரில் அலசினால் இழையெல்லாம் வருமே, கிட்டத்தட்ட அப்படி.

இதை நம் ஊரிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2020இல் ஐஐடி கரக்பூரில் பேராசிரியர் சுதா கோயல் தலைமையில் ஒரு குழு, கடைகளில் கிடைக்கும் பேப்பர் கப்புகளில் 85 முதல் 90 டிகிரி சூடான தண்ணீரை 100 மில்லி ஊற்றி, கால் மணி நேரம் வைத்துவிட்டு எண்ணியது. ஏறத்தாழ 25,000 மைக்ரான் அளவுத் துகள்கள் அந்த 100 மில்லியில் இருந்தன. ஒரு நாளைக்கு மூன்று கப் குடித்தால் 75,000. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 2022இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் இன்னும் நுண்ணிய கருவிகளால் தேடியது. மைக்ரானுக்கும் கீழே, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு அளவுள்ள துணுக்குகள் லிட்டருக்கு லட்சம் கோடிக் கணக்கில் இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வாளர்களே இன்னொன்றும் சொன்னார்கள்: இவ்வளவும் சேர்ந்தாலும் எடை, அந்நாட்டு உணவு நிர்வாகம் அனுமதிக்கும் வரம்புக்குள்தான்.

லட்சம் கோடி, ஆனால் வரம்புக்குள். இது எப்படி? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டதும் தெளிந்தது.

நம்மூர் டீக்கடைக் கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாய் ஆறரை சென்டிமீட்டர் அகலம், அடி நாலரை, உயரம் ஆறு. உள்பரப்பையும் அடியையும் கூட்டினால் சுமார் 120 சதுர சென்டிமீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 18 கிராம் பூச்சு என்றால், அந்தக் கப்பில் இருக்கும் மொத்தப் பாலித்தீன் கால் கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. இந்திய விதி என்ன சொல்கிறது? உணவைத் தொடும் பிளாஸ்டிக்கிலிருந்து 100 சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எந்தப் பொருளும் உணவுக்குள் இறங்கக் கூடாது. நம் கப்புக்கு அந்தக் கணக்கில் 12 மில்லிகிராம் வரை அனுமதி. இப்போது அந்த 25,000 துகள்களுக்கு வருவோம். ஒவ்வொன்றும் பத்து மைக்ரான் அகலமுள்ள உருண்டை என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், அத்தனையும் சேர்ந்த எடை சுமார் 12 மைக்ரோகிராம். அனுமதித்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

விதி தராசில் நிறுக்கிறது. ஆய்வாளர்கள் தலையை எண்ணுகிறார்கள். விதி எழுதிய காலத்தில் கவலை, பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வரும் ரசாயனங்களைப் பற்றியது. அதை நிறுத்துப் பார்ப்பதுதான் சரி. துகளாகவே உதிர்ந்து வருவது வேறு விஷயம். சிறியதாக ஆக ஆக எடை ஒன்றுமில்லாமல் போகும், எண்ணிக்கையும் குடல்சுவரைத் தாண்டும் வாய்ப்பும் ஏறும். எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த விதி எங்கும் இல்லை. ஆகவே ‘ஃபுட் கிரேடு’ என்று கப்பின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது பொய்யல்ல. ஆனால் அந்த முத்திரை பதில் சொல்வது நிறுக்கும் கேள்விக்கு மட்டும்தான்.

உடலுக்குள் போனபின் என்ன ஆகிறது என்பதில் 2024இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு பேசப்பட்டது. கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரில் 150 பேரின் படிவில் பாலித்தீன் இருந்தது. நுண்பிளாஸ்டிக் இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் வாய்ப்பு நாலரை மடங்கு அதிகமாக இருந்தது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் அது இரண்டும் சேர்ந்து இருந்ததைக் காட்டுகிறதே தவிர, ஒன்றால் மற்றொன்று வந்ததென்று நிரூபிக்கவில்லை. அந்தப் பாலித்தீன் டீக் கப்பிலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்தா, காற்றிலிருந்தா என்றும் அதில் பதில் இல்லை. ஒரு கப் டீ குடித்ததற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தினமும் ஐந்து கப் குடிக்கிற ஓர் ஓட்டுநரோ அலுவலக ஊழியரோ இருபது வருடம் குடிப்பதை ஒரு கப் மாதிரி எண்ணவும் முடியாது.

உதிர்வதைக் கூட்டுவது மூன்று: சூடு, நேரம், எண்ணெய். புளிப்பு நான்காவது, ஆனால் அது பிளாஸ்டிக்கை விட அலுமினியத்துக்குத்தான் எதிரி. டீயில் எண்ணெய் கிடையாது, பாலின் கொழுப்பு மட்டும் கொஞ்சம். மிச்சம் சூடும் நேரமும். எங்கள் தெருமுனை டீ மாஸ்டர் ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே என்று நாலு தடவை ஆற்றித் தருவார். நுரைக்காக ஆற்றுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்த அன்று, ஆற்றாத டீக்கும் ஆற்றிய டீக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. அந்தச் சூடு இறக்கம் தொண்டைக்கும் நல்லது: 65 டிகிரிக்கு மேல் சூடான பானத்தைக் குடிப்பதையே, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில், ‘பெரும்பாலும்’ என்ற வகையில் சேர்த்தது. எந்தப் பாத்திரமானாலும் இது பொருந்தும்.

ஆற்றிய டீயை நின்ற இடத்தில் ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டால், ஆய்வுக்கூடத்தில் 90 டிகிரியில் கால் மணி நேரம் வைத்த நிலைமை அதில் இல்லை. நேர்மாறானது பார்சல் டீ. அடுப்பிலிருந்து இறக்கி ஆற்றாமல், பாலித்தீன் கவரில் ஊற்றி, நூலால் கழுத்தை இறுக்கிக் கட்டி, அலுவலகத்துக்குப் போய் அரை மணி நேரம் கழித்துப் பேப்பர் கப்புகளில் பங்கு போட்டுக் குடிப்பது. சூடு, நேரம் இரண்டும் உச்சம், பிளாஸ்டிக்கும் இரண்டு முறை. சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் வைக்கிற வழிகளில் இதைவிட மோசமாக ஒன்றை யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு எவர்சில்வர் பிளாஸ்க் எத்தனை அலுவலகங்களில் அலமாரியில் தூங்குகிறது என்று பாருங்கள்.

இடையில் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையான ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. தெர்மாகோல் கப், தட்டு, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் அதே பட்டியலில் உண்டு. கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் இந்தத் தடையின் காரணம் நம் டீ அல்ல, குப்பை. காகிதத்தையும் பாலித்தீனையும் பிரிக்க முடியாமல் இரண்டும் சேர்ந்து மறுசுழற்சிக்கு உதவாமல் போகின்றன என்பதுதான் வாதம். நான் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேனே, அந்த வேலையைக் கோடிக்கணக்கான கப்புகளுக்கு யார் செய்வது?

டீயில் எண்ணெய் இல்லை என்றேன். சாப்பாட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது.

தெர்மாகோல் டப்பா என்று நாம் சொல்வதும், இலங்கைத் தமிழர்கள் ரெஜிபோம் என்பதும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கைக் காற்றால் ஊதிப் பருக்கவைத்தது. கனத்தில் பெரும்பகுதி காற்றுதான், அதனால்தான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. (இலங்கையில் இந்த ரெஜிபோம் சோற்றுப் பெட்டியை 2017லேயே தடை செய்துவிட்டார்கள்.) பாலித்தீனுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பாலித்தீன் எண்ணெயில் கரையாத சாது. பாலிஸ்டைரீன் எண்ணெய்த் தன்மையுள்ள சில பொருள்களிடம் அப்படியே சரணடைந்துவிடும். வீட்டில் பார்க்கலாம்: கமலா ஆரஞ்சுத் தோலை மடக்கி, அதன் சாறு பீய்ச்சி அடிக்கும்படி ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் பிழியுங்கள். பட்ட இடம் கொஞ்ச நேரத்தில் குழிந்து உள்வாங்கும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனின் என்ற எண்ணெய் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. தெர்மாகோல் கப்பில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் டீ குடிக்கிறவர் கப்பையும் கொஞ்சம் சேர்த்துக் குடிக்கிறார்.

சமையல் எண்ணெய் இப்படிக் கண்ணெதிரே கரைக்காது. ஆனால் பாலிஸ்டைரீன் செய்யும்போது வினையில் சேராமல் மிஞ்சிய ஸ்டைரீன் என்ற ஆவியாகும் திரவம் அதற்குள் சிறிதளவு தங்கியிருக்கும். தண்ணீரை விட எண்ணெய்க்குள் அது சுலபமாக இறங்கும், சூடு கூடினால் இன்னும் வேகமாக. இந்த ஸ்டைரீனைத்தான் 2018இல் மேலே சொன்ன அதே முகமை ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற படிக்கு உயர்த்தியது. அந்த முடிவுக்கு அடிப்படை, தொழிற்சாலையில் அதை நாளெல்லாம் சுவாசித்தவர்களும் விலங்குச் சோதனைகளும். டப்பாவிலிருந்து வருவது அதோடு ஒப்பிட மிகச் சிறிய அளவு. இருந்தாலும், எந்த உணவுக்கு இந்த டப்பா ஆகாது என்று ஒருவர் பட்டியல் போட்டால் சூடான, எண்ணெய் மிதக்கும் உணவு முதலில் வரும். நாம் அதில் வைப்பது பிரியாணியும் பரோட்டாவும்!

எப்படிக் கண்டுபிடிப்பது? பாலிஸ்டைரீன் 95, 100 டிகிரி அருகில் இளகும். பிரியாணி டப்பாவில் விழும்போது 80 டிகிரி இருந்தாலே அதிகம். அதனால் டப்பா வடிவம் மாறாது, நாமும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் சட்டியிலிருந்து நேராக எடுத்த வடையோ சிக்கன் 65ஓ வைத்தால் தெரியும். சாப்பிட்டு முடித்தபின் டப்பாவின் அடியைப் பாருங்கள். வடை உட்கார்ந்த இடம் பளபளப்பாகக் குழிந்து, சில சமயம் பழுப்பேறிக் கிடக்கும். பொரிக்கும் எண்ணெய் 170 டிகிரிக்கும் மேலே. அது பட்ட இடத்தில் உண்மையாகவே உருகியிருக்கிறது. குழி விழுந்த டப்பாவின் உணவைச் சாப்பிட வேண்டாம். இந்த டப்பாவோடு மைக்ரோவேவில் வைப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள்: தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும், எண்ணெய் அதையும் தாண்டிச் சூடேறும்.

பிரியாணியோடு வரும் சால்னா தனிக் கதை. அது எப்போதும் கவரில்தான் வருகிறது. மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதக்க, கொதிக்கக் கொதிக்க, உப்பிய பலூன் போல. கவர் பாலித்தீன் என்பதால் ஸ்டைரீன் பயம் இல்லை. பயம் வேறிடத்தில். புதுப் பாலித்தீனில் செய்த கவர் நிறமற்று, மணமற்று இருக்கும். கறுப்பு, நீலம், பச்சைக் கவர்கள் பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தவை. அந்தக் கலவையின் மறுபிறவிக் கோலத்தை மறைக்கத்தான் நிறம். முன்பிறவியில் அது பூச்சிமருந்து டப்பாவாக இருந்ததா, பெயின்ட் வாளியாக இருந்ததா, யாருக்குத் தெரியும்? மறுசுழற்சிக் கவரில் உணவைக் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதியிலேயே இருந்தது. மூக்கை நம்பலாம்: காலிக் கவரைத் திறந்து முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடையோ எரிந்த வாடையோ வந்தால், சால்னாவின் எண்ணெய் அதைவிட நன்றாக முகர்ந்து இழுத்துக்கொள்ளும்.

ஓட்டலில் இருந்து வரும் கறுப்பு டப்பா, அல்லது மூடி தெளிவாக இருக்கும் வெள்ளை டப்பா பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். இது உருக 160 டிகிரி வேண்டும். சாம்பார், குழம்பு, எண்ணெய் எதற்கும் இளகாது. ஒரே ஒருமுறை, சூடாக வந்து, பத்து நிமிடத்தில் தட்டுக்கு மாறும் உணவுக்கு, பிளாஸ்டிக்கில் இதுதான் இருப்பதில் தேவலை. அடியில் 6 இருந்தால் பாலிஸ்டைரீன், 1 இருந்தால் தண்ணீர் பாட்டில் வகை, இரண்டுமே சூட்டுக்கு ஆகாது. எண்ணே இல்லாத டப்பாவை நான் 6 என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் 5 என்ற எண்ணைப் பார்த்ததும் நேராக மைக்ரோவேவில் தள்ளுகிறார்களே, அங்கேதான் நான் ஒத்துப்போவதில்லை. ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்றால் டப்பா கோணாது, உருகாது என்று அர்த்தம். துகள் உதிராது என்று அர்த்தமில்லை. 2023இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் குழந்தை உணவு டப்பாக்களை மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்துப் பார்த்தபோது, சில டப்பாக்களின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து மட்டும் 40 லட்சத்துக்கு மேல் மைக்ரான் துகள்கள் வந்தன. பாலிபுரொப்பிலீனும் அந்தச் சோதனையில் இருந்தது. பீங்கான் தட்டுக்கு மாற்ற அரை நிமிடம் ஆகும். டப்பாவைக் கழுவி மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சூடான குழம்புக்குப் பயன்படுத்தும் நம் வழக்கமும் இதே ரகம். உள்பக்கம் கீறலாகி, மஞ்சள் ஏறி, தேய்த்தாலும் போகாத வாடை நின்றுவிட்டால் அதன் மேல்பரப்பு போய்விட்டது என்று அர்த்தம். அதன்பின் அதில் ஆணி, ஸ்க்ரூ போட்டு வைக்கலாம்.

கரும்புச் சக்கையில் செய்யும் வெளிர்பழுப்பு டப்பாக்கள் இப்போது பெருகிவிட்டன. சக்கையால் சூட்டுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நார் எண்ணெயை உறிஞ்சுமே, பிறகு எப்படிக் குழம்பு கசியாமல் நிற்கிறது? சில தயாரிப்புகளில் எண்ணெய் ஒட்டாதிருக்க ஃப்ளூரின் சேர்ந்த ரசாயனங்களைக் கூழிலேயே கலக்கிறார்கள். பிஎஃப்ஏஎஸ் என்று அழைக்கப்படும் இவை சுலபத்தில் சிதையாதவை, உடலில் தங்குபவை. டென்மார்க் 2020லேயே உணவுக் காகிதத்தில் இவற்றைத் தடை செய்தது. அமெரிக்காவில் உணவுக் காகிதத்துக்கு இவற்றை விற்பது நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு நிர்வாகம் 2024இல் அறிவித்தது. வீட்டில் ஒரு தோராயச் சோதனை செய்யலாம். டப்பாவின் உள்ளே ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். ஊறிக் கறை படிந்தால் அதில் எண்ணெய் விலக்கி எதுவும் இல்லை. படலமாகப் பரவி ஊறாமல் நின்றால் உள்ளே பிளாஸ்டிக் திரை இருக்கலாம். தாமரை இலைத் தண்ணீர் போல முத்தாக உருண்டு நின்றால் சந்தேகப்பட வேண்டும். சோதனைக்கூட முடிவுக்கு இது சமமாகாது, ஆனால் கடைக்காரரிடம் கேள்வி கேட்க இது போதும்.

அலுமினிய டப்பா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அசையாது. தயிர்சாதத்துக்கும் புளியோதரைக்கும் காரக்குழம்புக்கும் மட்டும் வேண்டாம், புளிப்பும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். மறுநாள் காலை டப்பாவின் அடியில் சாம்பல் நிறப் புள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இத்தனையும் தெரிந்தபின் நான் மாற்றிக்கொண்டது இரண்டே பழக்கம். டீ என்றால் கண்ணாடி டம்ளர் கேட்பது. எப்போதாவது பேப்பர் கப் மட்டும்தான் என்றால் ஆற்றச் சொல்லி, நின்றே குடித்து முடிப்பது. ஞாயிற்றுக்கிழமை பரோட்டாக் கடைக்கு எவர்சில்வர் தூக்கை எடுத்துப்போவது. முதல் முறை போனபோது கடைத் தம்பி அதை ஏதோ புதையல் மாதிரி பார்த்தார்.

“சால்னாவ இதுல ஊத்து தம்பி, கவர் வேண்டாம்.”

“கவர்ல ஊத்துனா ஒரு கரண்டி கணக்குண்ணே. இதுல ஊத்துனா எனக்கு அளவே தெரியல.”

என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது கரண்டியையும் ஊற்றினார். இரண்டு பரோட்டாவுக்கு அவ்வளவு சால்னாவா என்று வீட்டில் கேட்டார்கள். தூக்கின் அளவு பெரிது என்று சொன்னேன்.